மச்சானுக்கு 28 ஆயிரம், எனக்கு 5 ஆயிரமா?

"எனக்கு 52 வயசு. வேலந்தாவளத்துல வீடு. கஞ்சிக்கோட்டுல ஒரு ஃபேக்டரியில 2001 ஜூன்ல சேர்ந்தேன், 2031ல 58 முடியுது. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் கோயமுத்தூர்ல ஒரு மில்லுல இருந்தேன். இப்ப பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 32 ஆயிரம். கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டுது, பாஸ்புக்ல 16 லட்சம் இருக்கு. எங்க அக்கா வீட்டுக்காரர் சர்க்கார் ஸ்கூல் வாத்தியார். 2010ல ரிட்டயர் ஆனப்ப 9 ஆயிரம் பென்ஷன், இப்ப 28 ஆயிரம் வாங்கறார். எனக்கு 5 ஆயிரம்தான் வரும்னு எச்.ஆர்.ல சொல்றாங்க. ரெண்டு பேரும் 30 வருஷம் உழைச்சவங்கதானே? 58க்கு மேல ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்ல இரு, பென்ஷனை 60க்குத் தள்ளிப் போடு, கூட வரும்ங்கறாங்க. என்.பி.எஸ்.லயும் சேரச் சொல்றாங்க. எதைச் செய்யறதுன்னு புரியலை."
— பாலக்காடு மாவட்ட வாசகர்

உங்கள் எச்.ஆர். சொன்ன 5 ஆயிரம் சரியான கணக்குதான். முதலில் அது எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் நான் பார்த்த பல தொழிலாளர்கள், சம்பளத்தில் பாதி பென்ஷனாக வரும் என்று நம்பி 57 வயது வரை வந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் பிடிக்கும் 12 சதவீதம் முழுதாக உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இ.பி.எஸ். என்ற பென்ஷன் நிதிக்குப் பிரிகிறது. ஆனால் அந்த 8.33 சதவீதத்தை உங்கள் 32 ஆயிரத்துக்குக் கணக்கிடுவதில்லை, 15 ஆயிரம் என்ற உச்சவரம்புக்குத்தான். அதனால் மாதம் 1,250 ரூபாய் மட்டும் அங்கே போகிறது, மீதி உங்கள் பி.எஃப். கணக்கிலேயே சேர்கிறது. பென்ஷன் சூத்திரமும் அதே வரம்பில்தான் ஓடும். பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு வரம்பு 6,500 ரூபாய். உங்கள் 13 ஆண்டு 3 மாதத்துக்கு அதில் 1,230 ரூபாய் வரும். அதற்குப் பிந்தைய 16 ஆண்டு 9 மாதத்துக்கு 15 ஆயிரம் வரம்பில் 3,590 ரூபாய். 20 ஆண்டுக்கு மேல் சேவை இருப்பதால் இனாமாக 2 ஆண்டு சேரும். எல்லாம் சேர்ந்து 5 ஆயிரத்தை ஒட்டி நிற்கும். உச்சவரம்பை உயர்த்தினால் கணக்கு மாறும். உயர்த்தும் வரை இதுதான்.

இனி மச்சான் விஷயம். அவருடையதும் உங்களுடைய இ.பி.எஸ்.ஸும் ஒரே சாதி பென்ஷன்தான் என்றால் உங்களுக்குக் கோபம் வரலாம். இரண்டிலும் கடைசியில் என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே சூத்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. பணம் போதவில்லையென்றால் தருகிறவர் தேடிக்கொண்டு வர வேண்டும். இதை வரையறுத்த பலன் என்பார்கள். உங்கள் பி.எஃப். இதற்கு நேர் எதிர். உள்ளே போடுவது மட்டும்தான் வரையறை, வெளியே வருவது வட்டியும் காலமும் முடிவு செய்வது. இது வரையறுத்த பங்களிப்பு. என்.பி.எஸ். என்ற தேசிய பென்ஷன் திட்டம் இந்த இரண்டாவது சாதி. 2013 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களைக் கேரள அரசும் இந்தப் பக்கம் கொண்டுவந்தது. உங்கள் மச்சான் அதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டார்.

பென்ஷன் என்பதே ஒரு பந்தயம். நீங்கள் எத்தனை வயது வரை இருப்பீர்கள், விலைவாசி எங்கே போகும், போட்ட பணம் எவ்வளவு ஈட்டும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஊகம் தப்பினால் தன் கையிலிருந்து போட்டுக் கொடுப்பது யார் என்பதுதான் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம். மச்சான் 95 வயது இருந்தாலும் அரசு கொடுக்க வேண்டும். விலை ஏறினால் அகவிலை நிவாரணம் ஏற வேண்டும். சம்பளக் கமிஷன் வந்தால் பழைய பென்ஷனையும் திருத்துகிறார்கள். 9 ஆயிரம் 28 ஆயிரம் ஆனது இப்படித்தான். அவர் சேமித்து வைத்ததற்கு இதில் பங்கில்லை, பந்தயத்தின் மூன்று பக்கத்தையும் வேறொருவர் தாங்கிக்கொண்டதுதான் காரணம்.

உங்கள் இ.பி.எஸ். இதில் பாதி வழி வந்து நின்றுவிட்டது. முதலீடு நட்டமானால் உங்கள் தலையில் விழாது. நீங்கள் 95 வரை இருந்தாலும் கொடுப்பார்கள், உங்களுக்குப் பின் மனைவிக்குப் பாதி வரும். ஆனால் விலைவாசியைத் தாங்குகிறவர் யாரும் இல்லை. 58இல் வரும் 5 ஆயிரம் 80இலும் 5 ஆயிரமே. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 12 ஆண்டில் எல்லாம் இரட்டிப்பாகும். உங்கள் 70ஆவது வயதில் அந்தப் பணம் 2,500 ரூபாய்ச் சாமானை வாங்கும், 82இல் 1,250 ரூபாய்க்கு. கடையில் சீட்டு எழுதும்போதுதான் இந்த இழப்பு தெரியும், பாஸ்புக்கில் ஒரு நாளும் தெரியாது. வயதானவர்களுக்கு மருந்துச் செலவு மற்ற விலைகளை முந்திக்கொண்டு ஓடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வாக்குறுதி என்றால் கல்மேல் எழுத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். கொடுக்கிறவரின் கையில் பணம் இல்லாவிட்டால் வரையறுத்த பலனும் தள்ளாடும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ரிட்டயர் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பென்ஷன் நின்று, 2018இல் கூட்டுறவுச் சங்கங்களிடம் கடன் வாங்கித்தான் அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் மச்சானிடமும் நிலுவையில் நின்றுபோன அகவிலைத் தவணைகளைப் பற்றிக் கேளுங்கள், நிறையச் சொல்வார். இ.பி.எஸ்.ஸிலோ இது சத்தமில்லாமல் நடந்தது. 2014இல் விதி மாறும் வரை கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை எடுத்தார்கள், அதன்பின் 60 மாதச் சராசரி. அதற்கு முன் 2008இல், பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கும் வசதியை நீக்கினார்கள். பென்ஷனை நிறுத்தவில்லை, ஓரத்தை மட்டும் அரித்தார்கள். நிதிக்கு வரும் சுமையின் ஒரு பங்கு இப்படித்தான் தொழிலாளி பக்கம் நகர்கிறது.

ஆகவே உங்கள் முதுமையின் பெரும்பாரத்தைச் சுமக்கப்போவது அந்த 16 லட்சம்தான். இப்போதைய 8.25 சதவீத வட்டியும் இப்போதைய சம்பளமும் தொடர்ந்தால், 58இல் அது சுமார் 31 லட்சமாக இருக்கும். 'தொடர்ந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1999-2000 வரை பி.எஃப். வட்டி 12 சதவீதம். 2021-22இல் 8.1க்கு இறங்கியது. சந்தை தினமும் ஆடுவதுபோல இது ஆடுவதில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனால் இறங்கினால் அந்தக் குறைவு உங்களுடையது.

31 லட்சம் என்றதும் பெரிய பணமாகத் தெரியும். அதை மாத வருமானமாக மாற்றிப் பார்க்கும்போதுதான் நீங்கள் எந்தப் பந்தயத்தில் இருக்கிறீர்கள் என்பது புலப்படும். மிச்சப் பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் ஈட்டுகிறது, விலைவாசி 6 சதவீதம் ஏறுவதால் நீங்கள் எடுப்பதையும் ஆண்டுதோறும் அந்த அளவு கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு மாதம் 16 ஆயிரம் என்று ஆரம்பித்தால் 75, 76 வயதில் கணக்கு காலி. மாதம் 10 ஆயிரம் என்று ஆரம்பித்தால் 87 வரை ஓடும். அந்த 10 ஆயிரமும் 2031இன் 10 ஆயிரம். இன்றைய மதிப்பில் 7 ஆயிரம்தான்.

இதில் எது சரி என்று எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் 75இல் போவீர்களா 90 வரை இருப்பீர்களா என்பது யாருக்கும் தெரியாது. பத்தாயிரம் பேர் சேர்ந்த நிதிக்கு இந்தக் கவலை கிடையாது. சிலர் 65இல் போவார்கள், சிலர் 95 வரை இருப்பார்கள், நிதி சராசரிக்குப் பணம் வைத்தால் போதும். முன்னால் போனவரின் மிச்சம் பின்னால் இருப்பவரைச் சுமக்கும். தனியாளாகச் சேமித்தவர் தன் ஒருவருக்காகவே 90 வயதுக்குப் பணம் வைக்க வேண்டியிருக்கிறது. பயந்து குறைவாகச் சாப்பிடுவார், அல்லது தைரியமாகச் செலவழித்துவிட்டுப் பிள்ளையின் வாசலில் நிற்பார். ஒரே அளவு பணம் கூட்டு நிதியில் இருந்தால் அதிக பென்ஷன் தருவதன் காரணம் இதுதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து ஆயுள்வரை மாத வருமானம் வாங்கும் ஆன்யுட்டியை வங்கியில் விற்கிறார்கள். அதுவும் இந்தக் கூட்டு ஏற்பாட்டை விலைக்கு வாங்குவதுதான். ஆனால் முகவர்கள் பெரும்பாலும் 'உங்களுக்குப் பின் முழு அசலும் பிள்ளைக்குத் திரும்பும்' என்ற வகையைத்தான் நீட்டுவார்கள். கேட்க இனிக்கும். அசல் திரும்பவேண்டும் என்றால், முன்னால் போனவரின் பணம் பின்னால் இருப்பவருக்கு உதவ வழியில்லை. நீங்கள் வாங்குவது வெறும் வட்டி, அதுவும் ஆயுள் முழுக்கப் பூட்டிய குறைந்த வட்டி. 58இல் அந்த வகையை வாங்க வேண்டாம். ஏதாவது வாங்குவதாக இருந்தால் 70ஐ ஒட்டி, தொகையில் ஒரு பகுதிக்கு மட்டும், அசல் திரும்பாத, உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை வரும் வகையை வாங்குங்கள். வயது கூடக்கூட அதே பணத்துக்கு மாதத் தொகை கூடும், ஏனென்றால் விற்பவர் கொடுக்க வேண்டிய ஆண்டுகள் குறைகின்றன.

அதுவரை பணத்தை எங்கே வைப்பது? வேலையை விட்டபின் 15 முதல் 18 லட்சம் வரை தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். 18 லட்சத்துக்கு மாதக் கணக்கில் 12,300 ரூபாய். இது 5 ஆண்டுத் திட்டம், முடிந்து மறுபடி போடும்போது அன்றைய வட்டிதான் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆபத்துக்கு உதவ 4, 5 லட்சம் வங்கியில் இருக்கட்டும். மீதி 70க்கு மேல் தேவைப்படும் பணம். அதைத் தொடாமல், விலைவாசியைத் துரத்தக்கூடிய இடத்தில், கொஞ்சம் பங்குச்சந்தை கலந்த நிதியில் வையுங்கள். கலவையில் பங்குக்கு இடம் குறைவாகவே இருக்கட்டும்.

ஏன் குறைவு என்பதுதான் என்.பி.எஸ். கேள்விக்கும் பதில். 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தை ஒட்டி நின்ற சென்செக்ஸ், அந்த ஆண்டு அக்டோபரில் 9 ஆயிரத்துக்கும் கீழே போனது. 30 வயதுக்காரருக்கு அது கதை, விலை இறங்கிய காலத்தில் அவர் மலிவாக வாங்கிக்கொண்டே இருந்தார். 59 வயதில் அந்தத் தொகையை எடுத்தே ஆகவேண்டியவருக்கு அது வாழ்க்கை. என்.பி.எஸ்.ஸின் தானியங்கித் திட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. 'எல்.சி. 50' என்ற வகையில் 35 வயது வரை பங்குக்குப் பாதி, அப்புறம் ஆண்டுக்கு 2 சதவீதமாக இறக்கி 55இல் 10 சதவீதம். இன்று நீங்கள் சேர்ந்தால் 16 சதவீதம்தான் பங்கில் போகும். இந்த ஆறு ஆண்டுக்கு அது உங்களுக்குப் பெரிய ஏற்றத்தைத் தரப்போவதில்லை, சேர்ந்த தொகை சிறியதாக இல்லையென்றால் கடைசியில் ஒரு பகுதிக்குக் கட்டாயம் ஆன்யுட்டியும் வாங்க வேண்டும். வருமான வரிச் சலுகைக்காக என்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை, உங்கள் சம்பளம் அதற்கு எவ்வளவோ கீழே. ஆகவே கம்பெனி தன் கையிலிருந்து கூடுதலாகப் போடுகிறது என்றால் மறுக்காதீர்கள், சும்மா வருவது. உங்கள் சம்பளத்தையே பிரித்துப் போடுகிறது என்றால் அந்தப் பணத்தை வி.பி.எஃப். என்ற பெயரில் பி.எஃப்.பிலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வட்டி அதேதான், வெளியே வரும்போது தடையும் இல்லை.

பென்ஷனை 60க்குத் தள்ளிப்போடும் யோசனையை ஏற்க வேண்டாம். தள்ளினால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும், அது உண்மை. 5 ஆயிரம் 5,400 ஆகும். அதற்காக நீங்கள் விடுவது 24 மாத பென்ஷன், அதாவது 1,20,000 ரூபாய். மாதம் 400 ரூபாய் வீதம் அதைத் திரும்பப் பிடிக்க 25 ஆண்டு ஆகும். உங்களுக்கு 85 வயது. வட்டியும் விலைவாசியும் சேர்த்துப் பார்த்தால் பிடிக்கவே மாட்டீர்கள்.

இரண்டு ஆண்டு வேலையை மட்டும் மறுக்காதீர்கள். பென்ஷனும் வேலையும் சேர்ந்து போகலாம். 58இல் இ.பி.எஸ். உறுப்பினர் நிலை முடிந்துவிடும், வேலையில் இருந்தாலும் படிவம் 10டி கொடுத்து பென்ஷன் வாங்கலாம். அதன்பின் கம்பெனிப் பங்கின் 12 சதவீதமும் உங்கள் பி.எஃப். கணக்குக்கே வர வேண்டும். காண்ட்ராக்ட் என்று சொல்லி பி.எஃப். பிடிப்பதை நிறுத்த மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்படிப் பிடித்தால் 31 லட்சம் 60 வயதில் 38 லட்சமாகும், எடுத்துச் சாப்பிடும் ஆண்டுகளில் இரண்டு குறையும். உங்கள் கையிலுள்ள வழிகளில் இதைவிடப் பலனுள்ளது வேறில்லை.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பிறந்த நாள் கடந்தும் சம்பளப் பிரிவு பழக்கத்தில் 1,250 ரூபாயை இ.பி.எஸ்.ஸுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிற்பாடு 10டி திரும்பி வரும், திருத்தம் போட்டு அலைய மாதங்கள் ஆகும். நான் முன்பு வேலை பார்த்த மில்லில் ஒருவருக்கு இதனால் ஏழு மாதம் பென்ஷன் நின்றது. 58 முடிந்த மறுமாதம் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும்.

அதற்கு முன், இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பி.எஃப். இணையதளத்தில் நுழைந்து Service History பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோவை மில்லின் நான்கு ஆண்டு அங்கே இருக்கிறதா? அந்த மில்லை விட்டபோது பி.எஃப். பணத்தை மட்டும் படிவம் 19இல் எடுத்தீர்களா, பென்ஷன் பணத்தையும் 10சி கொடுத்து எடுத்துவிட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 10சியில் பணம் வாங்கியிருந்தால் அந்தச் சேவை போனது போனதுதான். வாங்கவில்லையென்றால் அதைச் சேர்க்க வழியுண்டு. மாதம் 370 ரூபாய் வரை கூடும். மில் மூடியிருந்தாலும் கோவை பி.எஃப். அலுவலகத்தில் பழைய கணக்கு எண்ணை வைத்துத் தேட முடியும். பழைய சம்பளச் சீட்டோ, அப்போது வந்த ஆண்டுக் கணக்குச் சீட்டோ பெட்டியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேரளத்தில் சேர்ந்தபோது மலையாளத்திலிருந்து எழுத்து மாற்றி எழுதியதில் உங்கள் பக்கத்து ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.